குமிழ் கரையும்வரை

விழித்திரை விலகலுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் மருத்துவர்கள் தவறாமல் சொல்லும் ஓர் எச்சரிக்கை உண்டு: கண்ணுக்குள் வாயுக் குமிழ் இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது. தாம்பரத்திலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வந்தவர்க்கு இந்த வாக்கியம் ஒரு பொருட்டே அன்று. தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிப் போய்விடுவார். நடு அந்தமானின் ரங்கத்திலிருந்து வந்தவர்க்கோ அது வீடு திரும்பும் வழியையே அடைக்கும் வாக்கியம். ரங்கத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஜாரவா காப்புக்காட்டின் ஊடே, குறித்த நேரங்களில் மட்டும் வரிசையாக அனுப்பப்படும் வண்டிகளில் ஒரு பகற்பொழுதுப் பயணம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்நகருக்கும் சென்னைக்கும் இடையே விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள்.

ரங்கத் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அறுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் அந்த எச்சரிக்கையோடு சென்னையில் தங்கியிருந்த இருபத்து நான்கு நாட்களைப் பற்றியது இந்தப் பதிவு. சிறுவயது முதல் கிட்டப்பார்வை உடையவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் வலக்கண்ணில் புரை நீக்கி உள்வில்லை வைத்துக்கொண்டவர். இவ்விரண்டும் விழித்திரை விலகலுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

முதலில் வந்தது வெளிச்சக் கீற்று. இருட்டில் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் ஓரத்தில் மின்னல் வெட்டியது. அடுத்த நாள் கொசுக்கூட்டம் பறப்பதுபோன்ற கரும்புள்ளிகள். மூன்றாம் நாள் காலையில் வலக்கண்ணின் பார்வையில், மூக்கை ஒட்டிய கீழ்மூலையிலிருந்து ஒரு நிழல் ஏறி நின்றது. ரங்கத் சுகாதார நிலையத்தில் காட்டியதும் அன்றே போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். அங்கே கண்மணியை விரித்துப் பார்த்த மருத்துவர், வலது விழித்திரையின் மேற்புற வெளியோரத்தில், கடிகார முகப்பில் பத்து மணி நிற்கும் இடத்தில், ஒரு கிழிசல் இருப்பதாகவும் அதன் வழியே நீர் புகுந்து விழித்திரையைச் சுவரிலிருந்து பிரித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நுண்பார்வைக்குரிய நடுப்புள்ளியான மாக்குலா அதுவரை ஒட்டியே இருந்தது. அது பிரிவதற்குள் அறுவை நடந்தாக வேண்டும்.

மேல் ஓரத்தில் கிழிசல் இருக்க, நிழல் ஏன் கீழ்மூலையில் தெரிந்தது? கண்ணின் வில்லை காட்சியைத் தலைகீழாக்கியே விழித்திரையில் வீழ்த்துகிறது. விழித்திரையின் மேற்பகுதி தரையைப் பார்க்கிறது. கீழ்ப்பகுதி வானத்தைப் பார்க்கிறது. மருத்துவர் ‘மேலே’ என்று வரைவதை நோயாளி ‘கீழே’ என்று சொல்வார். இந்த எதிர்மறையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வருபவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

அன்றிரவு அவரை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். கிழிசல் இருக்கும் பக்கம் கீழே இருந்தால், புகுந்த நீர் தன் கனத்தால் அங்கேயே தங்கும்; மாக்குலாவை நோக்கி எளிதில் பரவாது. மறுநாள் விமானத்தில் சென்னைக்கு வந்தார். விழித்திரை பிரிந்த கண்ணோடு விமானத்தில் பறப்பதில் தடையேதும் இல்லை. தடை கண்ணுக்குள் வாயு புகுந்த பிறகே தொடங்குகிறது.

கிழிசலை மூடினால்தான் விழித்திரை ஒட்டும் என்பதை நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனேன். 1920களில் அவர் அதைக் காட்டும்வரை இந்நோய்க்குப் பெரும்பாலும் குருட்டுத்தன்மையே முடிவாக இருந்தது. இன்றைய அறுவையும் அந்த அடிப்படையிலேயே நிற்கிறது. கண்ணின் வெண்பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவே உள்ள மூன்று துளைகள் இடப்படுகின்றன. அவற்றின் வழியே, கண்ணின் உட்குழியை நிறைத்திருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ் வெட்டி உறிஞ்சப்படுகிறது. விழித்திரையைப் பிடித்திழுத்துக் கிழித்தது அந்தக் கூழ்தான். பிறகு விழித்திரைக்கு அடியில் தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசரால் வரிசை வரிசையாகச் சுடுகிறார்கள். இறுதியில் உட்குழியைக் காற்றாலும், காற்றோடு கலந்த ஒரு கன வாயுவாலும் நிரப்புகிறார்கள்.

லேசர் சூடு பசையைப் போன்றது. பூசிய உடனே இறுகுவதில்லை. சுட்ட இடம் வடுவாகி விழித்திரையைச் சுவரோடு உறுதியாகப் பிணைக்க ஏறத்தாழப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை கிழிசலின் வழியே நீர் மீண்டும் உள்ளே புகாமல் தடுக்க ஒரு மூடி வேண்டும். வாயுக் குமிழ் அந்த மூடி. குமிழுக்கும் நீருக்கும் இடையிலுள்ள பரப்பு இழுவிசை, சிறு துளை வழியே நீர் நுழைவதை அனுமதிப்பதில்லை. புது நீர் வராதபோது, விழித்திரைக்கு அடியில் எஞ்சிய ஈரத்தை அதன் பின்னுள்ள நிறமிச் செல்கள் தாமே உறிஞ்சி வெளியேற்றிவிடுகின்றன. குமிழின் வேலை அவ்வளவே. ஆனால் மூடி கிழிசலின் மேல் இருந்தால்தான் அது மூடி.

வாயு நீரைவிட இலேசானது. எப்போதும் மேலே மிதக்கும். ஆகவே அறுவைக்குப் பின் கிழிசல் உள்ள இடம் கண்ணின் உச்சியாக இருக்கும்படி தலையை வைத்திருக்க வேண்டும். ‘கண்ணில் காற்று வைத்தால் குப்புறப் படுக்க வேண்டும்’ என்று மருத்துவமனை வராந்தாக்களில் பேசிக்கொள்வது பாதி உண்மை. விழித்திரையின் நடுவிலோ பின்பகுதியிலோ கோளாறு இருந்தால் முகம் தரையை நோக்க வேண்டும். அப்போது கண்ணின் பின்சுவர் உச்சியாகும். கிழிசல் நேர் மேலே இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலே போதும். இவருக்கு வலக்கண்ணின் வெளியோரம். எனவே முதல் சில மணி நேரம், எஞ்சிய நீர் மாக்குலாவின் அடியில் ஒதுங்கி மடிப்பு விழாமலிருக்க, முகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன்பின் ஏழு நாளுக்கு இடப்பக்கம் ஒருக்களிப்பு. அறுவைக்கு முன் வலப்பக்கம், அறுவைக்குப் பின் இடப்பக்கம்: நீர் கனமானது என்பதால் முன்னது, வாயு இலேசானது என்பதால் பின்னது.

இங்கே சொல் தடுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘இடப்பக்கமாகப் படுங்கள்’ என்றால் இடப்பக்கம் மெத்தையில் படவேண்டுமா, மேலே தெரியவேண்டுமா? வலக்கண்ணில் அறுவை என்பதால் ‘வலப்பக்கம்’ என்றே மனத்தில் பதிந்துவிடுவதும் உண்டு. அவருடைய மருத்துவர் அதனால் பக்கத்தைச் சொல்லாமல் கன்னத்தைச் சொன்னார்.

“ஐயா, இடது கன்னம் தலையணையில. வலது காது கூரையைப் பாக்கணும். தலையணை கொஞ்சம் உயரமா இருக்கட்டும். ஒரு மணி நேரத்துல அம்பது நிமிஷம் இப்படி. மிச்சம் பத்து நிமிஷத்துல சாப்பாடு, சொட்டு மருந்து, குளியலறை எல்லாம். மல்லாந்து மட்டும் படுக்கவே படுக்காதீங்க.”

மல்லாந்தால் குமிழ் முன்னோக்கி எழுந்து கிழிசலை விட்டு விலகிவிடும். அதைவிட, வில்லையையும் கருவிழிப்படலத்தையும் முன்தள்ளி, கண்நீர் வடியும் கோணத்தை அடைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடக் கூடும். சொந்த வில்லை உள்ளவர்களுக்கு வாயு அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் புரையும் விரைவாக வளரும். தூக்கத்தில் தன்னையறியாமல் புரண்டுவிடாதிருக்க, மகள் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தாள். மூன்றாம் நாள் இடத்தோள் மரத்தது, இடக்காது நொந்தது. நடுவில் குழிந்த, மெல்லிய தலையணையாக மாற்றியதும் காது வலி தணிந்தது. கால்களில் இரத்தம் உறையாதிருக்க, அந்தப் பத்து நிமிடங்களில் கூடத்தில் நடந்தார்.

முதல் நாட்களில் வலக்கண்ணால் கையசைவு மட்டுமே தெரிந்தது. குமிழ் ஏறக்குறையக் குழி முழுவதையும் நிறைத்திருந்தது; வாயுவின் ஊடே ஒளி சரியாகக் குவிவதில்லை. பார்வை போய்விட்டதென்று பலர் அஞ்சுவது இந்த நாட்களில்தான். நான்காம் ஐந்தாம் நாளில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, பார்வையின் மேல்விளிம்பில் தெளிவான ஒரு கீற்று திறந்தது; அதற்குக் கீழே தளும்பும் ஒரு கோடு. குமிழ் கண்ணுக்குள் மேலே மிதக்கிறது, நோயாளி அதைக் கீழே பார்க்கிறார். அது சிறுக்கச் சிறுக்கக் கோடு இறங்கிவருகிறது. தலையை எப்படிச் சாய்த்தாலும் குமிழ் வானத்தை நோக்கியே எழும். நோயாளிக்கு அது எப்போதும் தரையின் பக்கமாகவே தெரியும். கொத்தனாரின் இரசமட்டத்தில் நீர்க்குமிழ் அசைவதைப் போல அந்தக் கோடு தொடுவானத்துக்கு இணையாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

அவருடைய ஒன்பது வயதுப் பேத்தி இதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள். நாள்தோறும் காலை எட்டு மணிக்கு, இடக்கண்ணை மூடிக்கொண்டு நேரே சுவரைப் பார்க்கும் தாத்தா, “பாதிக்கு மேல”, “பாதியில” என்று சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் ஒரு வட்டம் போட்டுக் கோடிழுத்துக் கீழ்ப்பகுதியைக் கறுப்பாக்கினாள். எட்டாம் நாள் வட்டத்தில் கோடு சரியாக நடுவில் நின்றது. பதினான்காம் நாளில் கோடு வளைந்து, அடியில் உருளும் ஒரு கருப்பு உருண்டையாயிற்று. மறுபரிசோதனைக்குப் போகையில் மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கருவியை எடுத்தார்.

குமிழ் எத்தனை நாள் தங்கும் என்பது வாயுவைப் பொறுத்தது. வெறும் காற்று என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடை ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு கலந்தால் இரண்டு முதல் மூன்று வாரம். பெர்ஃப்ளோரோபுரொப்பேன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம். கீழ்ப்புறக் கிழிசல்களுக்கும் பல கிழிசல்கள் உள்ள கண்ணுக்கும் நெடுநாள் தங்கும் வாயு தேவைப்படலாம். இவருக்கு மேற்புறத்தில் ஒற்றைக் கிழிசல், ஊரோ தீவு. மருத்துவர் முதலாவது கன வாயுவைத் தேர்ந்ததற்கு இரண்டுமே காரணங்கள். கட்டாயம் உடனே பறந்தாக வேண்டியவர்க்குச் சிலிகோன் எண்ணெயை நிரப்பும் வழியும் உண்டு. திரவம் என்பதால் அது உயரத்தில் விரிவதில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து அதை வெளியே எடுக்க இன்னோர் அறுவை வேண்டும். தீவுவாசிக்கு அது இன்னொரு சென்னைப் பயணம்.

எட்டாம் நாள் மாலை ரங்கத்திலிருந்து மனைவி அழைத்தார். மறுநாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படுவதாகக் கடைத்தெருவில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“பிளேன்லதான வரக் கூடாதுன்னாங்க? கப்பல் தண்ணி மேலதான வருது. கெளம்பி வந்துருங்க. கடையில நான் ஒருத்தியா எத்தன நாள் நிப்பேன்?”

அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. விமானத் தடையின் காரணத்தை நோக்கினால் அதில் பிழையும் இல்லை. விமானத்தின் உள்ளறையில் தரைமட்டக் காற்றழுத்தம் இருப்பதில்லை. விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஈடான அழுத்தம்வரை குறைய விடுகிறார்கள். அது தரைமட்ட அழுத்தத்தில் சுமார் முக்கால் பங்கு. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி, அழுத்தம் முக்கால் பங்கானால் வாயுவின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

அவருடைய கண்ணையே எடுத்துக்கொள்ளலாம். விட்ரியஸ் குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர். எட்டாம் நாளில் பாதி வாயு, அதாவது 2 மில்லிலிட்டர். அன்று அவர் விமானம் ஏறியிருந்தால், உயரே எழும் முதல் இருபது நிமிடங்களுக்குள் அந்தக் குமிழ் சுமார் 2.7 மில்லிலிட்டராக விரிய முயன்றிருக்கும். கூடுதலான 0.7 மில்லிலிட்டர் எங்கே போகும்? விழியின் வெண்சுவர் பலூன் போல விரிவதில்லை. கண்ணின் முன்னறையில் இருக்கும் நீர் முழுவதையும் வெளியேற்றினாலும் கால் மில்லிலிட்டர் இடமே கிடைக்கும். அந்நீரும் மெதுவாகத்தான் வடியும். இடம் கிடைக்காத வாயு அழுத்தமாக மாறுகிறது. இயல்பில் பாதரசத்தின் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கண்ணழுத்தம் அதைப்போல் பன்மடங்கு ஏறலாம். விழித்திரைக்கு வரும் தமனியின் அழுத்தத்தை அது விஞ்சினால் இரத்தம் உள்ளே நுழையாது. கடும் வலி, குமட்டல், பிறகு பார்வை முழுதும் இருண்டுபோதல். அந்நிலை நீடித்தால் ஒட்டவைத்த விழித்திரையே பட்டினியால் செத்துவிடும். இரண்டேகால் மணி நேரப் பயணத்தில் நடுவே இறங்க நிலமும் இல்லை. கீழே வங்கக் கடல்.

தடை விமானத்துக்கு மட்டுமன்று, உயரத்துக்கு என்பதையும் இதிலிருந்து உணரலாம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கண்ணில் வாயுவோடு கோயம்புத்தூரிலிருந்து காரில் உதகைக்குத் திரும்புபவர், விமானத்தில் ஏறியவரைவிடச் சற்றே மெதுவாக அதே ஆபத்துக்குள் போகிறார். தீவுகளுக்கிடையே செல்லும் ஹெலிகாப்டர் தாழப் பறப்பதுதான். ஆனாலும் எவ்வளவு தாழ என்பது வானிலையைப் பொறுத்தது. ஆழ்கடல் முக்குளிப்பு எதிர்த்திசையில் அதே விதிதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். குமிழ் பாதியாகச் சுருங்கி, கண் துவண்டுபோகும்.

எனவே கப்பலில் போகலாமா என்ற கேள்விக்கு, கடல்மட்டத்தில் செல்லும் கப்பல் குமிழை ஒன்றும் செய்யாது என்பதே விடை. மறுநாள் காலை அவர் தொலைபேசியில் கேட்டபோது மருத்துவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு மேலும் சொன்னார்.

“கப்பல் உங்க கண்ணுக்கு ஒண்ணும் செய்யாதுங்க ஐயா. போறதுல பிரச்சினை இல்ல. திரும்பி வர்றதுலதான் பிரச்சினை. நீங்க ரங்கத் போய்ச் சேரும்போது உள்ள இன்னும் வாயு இருக்கும். அங்க போய் விழித்திரை மறுபடி பிரிஞ்சா, பிளேன்ல வர முடியாது. அடுத்த கப்பல் எப்ப, அது வந்து சேர எத்தன நாள்? கணக்குப் போட்டுப் பாத்துக்குங்க.”

அவர் போட்டுப் பார்த்தார். ஒன்பதாம் நாள் கப்பலேறினால் பன்னிரண்டாம் நாள் போர்ட் பிளேர். பதின்மூன்றாம் நாள் ரங்கத். வாயு முழுதும் கரையப் பதினெட்டு நாளாவது ஆகுமென்றால், குறைந்தது ஐந்து நாள் அவர் தீவில் குமிழோடு இருப்பார். அந்த நாட்கள்தான் சிக்கலானவை. குமிழ் பெரிதாக இருந்தபோது கண்ணின் பெரும்பகுதியை மூடிக்கொண்டிருந்தது. அது சுருங்கும்போது கீழ்ப்பகுதி முதன்முறையாக வெளிப்பட்டு நீரில் நனைகிறது. அறுவையில் தப்பிய ஒரு கிழிசலோ புதிதாக உண்டான ஒன்றோ அங்கே இருந்தால், தன்னைக் காட்டிக்கொள்வது அப்போதுதான். முதல் அறுவையில் பெரும்பாலோர்க்கு விழித்திரை ஒட்டிவிடும், எல்லார்க்கும் அல்ல. மறுபடி பிரிந்தால், மாக்குலா விலகுமுன் சில நாட்களுக்குள் மேசைக்குப் போயாக வேண்டும். விமானமும் மறுக்கப்பட்டு, கப்பலும் துறையில் இல்லாதபோது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வழியே திரும்பும் வழியை மூடியிருக்கும்.

மனைவியிடம் அவர் அதிகம் விளக்கவில்லை. “இன்னும் ரெண்டு வாரம். தம்பி மகனைக் கடைக்குக் கூப்பிட்டுக்க” என்றார். கப்பல் அவரின்றிப் புறப்பட்டது. அவருடைய மனைவி நான்கு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

காத்திருந்த நாட்களில், மருத்துவர் மிகுந்த அக்கறையோடு சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எந்த நிழல் குமிழ், எந்த நிழல் நோய் என்று பிரித்தறிவது. குமிழின் கோடு கீழே இருக்கும்; நாளுக்கு நாள் இறங்கும்; தலையைச் சாய்த்தால் உடனே மட்டம் திரும்பும். விழித்திரை மீண்டும் பிரிந்தால் உண்டாகும் நிழல் அவ்வளவு இலகுவாக அசைவதில்லை. ஓர் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, நாளுக்கு நாள் ஏறும். கீழ்ப்பகுதி பிரிந்தால், எதிர்மறை விதிப்படி, அந்த நிழல் பார்வையின் மேற்புறத்தில், கோட்டுக்கு மேலே, தெளிவாக இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். கீழே கருப்பு இருப்பது எதிர்பார்த்தது. மேலே கருப்பு வருவது அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியது. கண் சிவந்து வலியும் குமட்டலும் சேர்ந்தால் அது அழுத்தம். சிவப்போடும் வலியோடும் பார்வை விரைந்து மங்கினால் கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே விடியும்வரை காத்திருக்கலாகாது.

மணிக்கட்டில் ஒரு பட்டையும் கட்டியிருந்தார்கள்: கண்ணில் வாயு உள்ளது என்ற எச்சரிக்கையோடு, இன்ன நாள் வரை அவிழ்க்க வேண்டாம் என்ற குறிப்பும் அதில் இருந்தது. அது விமான நிலையத்துக்காக என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது முதன்மையாக மயக்க மருத்துவருக்கு. இடையே விபத்தோ குடல்வால் அழற்சியோ நேர்ந்து வேறொரு மருத்துவமனையில் மயக்கம் கொடுக்க வேண்டிவந்தால், நைட்ரஸ் ஆக்சைடு தரக் கூடாது. இரத்தத்தில் எளிதில் கரையும் அவ்வாயு, குமிழிலுள்ள நைட்ரஜன் வெளியேறுவதைவிட மிக விரைவாக உள்ளே பாயும். அப்போது நோயாளி தரையில் படுத்திருக்கையிலேயே விமானத்தில் நடப்பது நடந்துவிடும். மயங்கிக் கிடப்பவர் வலியைச் சொல்லவும் முடியாது. பேச இயலாதவனுக்காகப் பேசுவதற்கே அந்தப் பட்டை.

பதினெட்டாம் நாள் காலை பேத்தியின் வட்டம் வெறுமையாக இருந்தது. “ஒண்ணுமே இல்லையா தாத்தா?” என்று கேட்டு, குனிந்து பார்க்கச் சொன்னாள். தரையை நோக்கிக் குனிந்தபோது பார்வையின் நடுவில் மிளகளவில் ஒரு வளையம் மிதந்தது. நேரே பார்க்கையில் கண்ணில் படாத எச்சக் குமிழும் குனிந்தால் நடுவுக்கு வந்துவிடும். கண்ணின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான குமிழைப் பலர் தாங்கிவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் தன் கண்ணில் எஞ்சியிருப்பது எத்தனை பங்கு என்பதை நோயாளியால் அளக்க முடியாது. ஆகவே ‘எனக்குத் தெரியவில்லை’ என்பது பறப்பதற்கான அனுமதி ஆகாது. இருபத்து மூன்றாம் நாள் மருத்துவர் கண்மணியை விரித்து, ஓரம்வரை பார்த்து, வாயு இல்லை, விழித்திரை எங்கும் ஒட்டியிருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்டு, பட்டையைக் கத்தரித்தார். மறுநாள் காலை விமானத்தில் அவர் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டார்.

குமிழ் கரைந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மறுபடி பிரியும் வாய்ப்பு முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான் மிகுதி. விழித்திரையின் மேல் வடுச்சவ்வு படர்ந்து அதைச் சுருக்கி இழுப்பது அதன் முதன்மைக் காரணம். ஆனால் இப்போது கண்ணில் வாயு இல்லை. சந்தேகம் வந்தால் மறுநாளே விமானம் ஏறலாம். பதினைந்து நாள் கூடுதலாகக் காத்திருந்து அவர் பெற்றது அந்த உரிமை. மாக்குலா பிரியாமல் தப்பியதால் வலக்கண் பார்வை பெரிதும் திரும்பிவிட்டது. கண்ணாடியின் எண் நிலைப்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பழைய கண்ணாடியோடே கணக்கெழுதுகிறார். ஒரு கண்ணில் விலகல் வந்தவர்க்கு மறுகண்ணிலும் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஆகவே இடக்கண்ணின் ஓரங்களையும் ஆண்டுதோறும் விரித்துப் பார்க்க வேண்டும். இடையிலுள்ள நாட்களுக்கு அவரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் எதிர்ச்சுவரின் நாட்காட்டியை முதலில் வலக்கண்ணாலும் பிறகு இடக்கண்ணாலும் தனித்தனியே பார்க்கிறார். நான்கு மூலைகளும் தெரிந்தால்தான் முதல் வாடிக்கையாளருக்குத் தராசை எடுக்கிறார்.